ஓட்டு வீட்டுக்கு ஆங்கிலத்தில் இடமில்லை

இங்கிலாந்தில் படிக்கும் என் தங்கை மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டாள். அவள் வகுப்பில் ஆளுக்கொரு விடுகதை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். அவரவர் வீட்டு மொழியிலிருந்து எடுத்து, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். "ஆனா மாமா, சும்மா சொன்னா போதாது. கிளாஸ்ல யாராவது கண்டுபிடிக்கணும். நானே விடையைச் சொல்ற மாதிரி ஆச்சுன்னா மார்க் கிடையாது" என்றாள்.

பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் போடும் வீட்டுப்பாடத்தில் இத்தனை கடுமையான நிபந்தனையா என்று தோன்றியது. கவிதையை மொழிபெயர்த்தால் நன்றாக வந்ததா இல்லையா என்று ஆயுள் முழுக்க வாதாடலாம். விடுகதை அப்படி இல்லை. கேட்டவன் விடையைச் சொன்னால் தேறிற்று, முழித்தால் தோற்றது. அடிக்குறிப்பு போட்டுக் காப்பாற்றவும் முடியாது. விளக்கம் கேட்ட பிறகு "அட!" என்று நெற்றியில் தட்டிக்கொண்டால் விடுகதை உயிரோடு இருக்கிறது. "ஓ, உங்க ஊர்ல அப்படியா?" என்று மரியாதையாகத் தலையாட்டினால் அது வழியிலேயே செத்துவிட்டது என்று பொருள்.

நான் அவளுக்குக் கொடுத்தது எல்லாருக்கும் தெரிந்த விடுகதைதான். கூரை வீட்டைப் பிரிச்சா ஓட்டு வீடு. ஓட்டு வீட்டுக்குள்ளே வெள்ளை மாளிகை. வெள்ளை மாளிகைக்குள்ளே குளம். அது என்ன?

தேங்காய். நமக்கு இது விடுகதை என்பதே மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்டது. அதனால் அதற்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கூரை வீடு என்பது மட்டை, அதாவது நாரும் தோலும். ஓட்டு வீடு என்பது சிரட்டை. வெள்ளை மாளிகை பருப்பு, குளம் தண்ணீர். தாவரவியல் படித்தவர் தேங்காயை வெட்டிக் காட்டினால் வெளியிலிருந்து உள்ளே இதே வரிசையில்தான் சொல்லுவார். அவர் கூடுதலாக ஒன்று சொல்லக்கூடும். இளங்காயில் முதலில் இருப்பது தண்ணீர் மட்டுமே. அந்தத் தண்ணீரைச் சூழ்ந்து, சிரட்டையின் உட்புறத்தில் மெல்ல மெல்லப் படிந்து வளர்வதுதான் வழுக்கையும் பிறகு பருப்பும். தண்ணீரும் பருப்பும் ஒரே திசுவின் இரு நிலைகள். குளம்தான் தன்னைச் சுற்றி மாளிகையைக் கட்டிக்கொள்கிறது. விடுகதை கட்டியவருக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. இளநீர் வெட்டிக் குடித்தவருக்குக் கண்ணால் தெரிந்திருக்கும்.

இனி சொற்கள். 'பிரிச்சா' என்ற வினையைக் கவனியுங்கள். சுவரை இடிப்பார்கள், கூரையைத்தான் பிரிப்பார்கள். மட்டையை உரிப்பதும் கிட்டத்தட்ட அதே கைவேலை. அடுத்து 'ஓடு'. விடுகதையின் திருட்டுத்தனம் முழுவதும் இந்தச் சொல்லில் இருக்கிறது. வீட்டின் மேல் போடுவதும் ஓடு, தேங்காய்க்கு இருப்பதும் ஓடு. முட்டைக்கும் ஆமைக்கும் மண்டைக்கும்கூட ஓடுதான். விடையின் ஒரு துண்டைக் கேள்வியிலேயே வெளிப்படையாக வைத்துவிட்டு, 'வீடு' என்ற சொல்லைப் பக்கத்தில் நிறுத்தி மறைத்துவிடுகிறார்கள். கேட்பவர் வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஓடு அவர் காதுக்குள் இறங்கிவிடுகிறது.

மூன்றாவது, ஏணி. கூரை வீட்டுக்காரர் கொஞ்சம் காசு சேர்த்தால் ஓடு போடுவார். அதற்கு மேல் போனால் மாளிகை. பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் தெருவில் ஒவ்வொரு குடும்பத்தின் கதையும் இந்த வரிசையில்தான் நடந்தது. கூரைக்கு வேய்ந்ததும் பெரும்பாலும் தென்னங்கீற்றுதான் என்பதால் விடையின் குடும்பமே முதல் வரியில் உட்கார்ந்திருக்கிறது. கடைசியாக, ஒவ்வொரு படியும் முந்தைய படி முடிந்த சொல்லிலேயே தொடங்குகிறது. ஓட்டு வீடு, ஓட்டு வீட்டுக்குள்ளே. வெள்ளை மாளிகை, வெள்ளை மாளிகைக்குள்ளே. புலவர் எழுதினால் அந்தாதி என்போம். பாட்டி சொன்னதால் பெயர் வைக்கவில்லை.

இத்தனையையும் மனத்தில் வைத்துக்கொண்டு, முதலில் சொல்லுக்குச் சொல் போட்டு அனுப்பினேன். தாட்ச்டு ஹவுஸ், டைல்டு ஹவுஸ், ஒயிட் ஹவுஸ், பாண்ட். மறுநாள் பதில் வந்தது. தோழிகள் மூன்று பேரிடம் சோதித்திருக்கிறாள். மூன்று பேருக்கும் 'ஒயிட் ஹவுஸ்' என்றதும் அமெரிக்க அதிபர்தான் வந்திருக்கிறார். அதன் பிறகு அவரை வெளியேற்ற முடியவில்லை. ஒருத்தி "வாஷிங்டனில் ஒரு நீச்சல் குளம்" என்று விடை சொன்னாளாம். எழுத்தில் என்றால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று வேறுபடுத்தலாம். விடுகதையைக் காதால்தானே கேட்கிறோம்.

சரி, 'ஹவுஸ்' வேண்டாம், 'ஹால்' என்று மாற்றலாம் என நினைத்தேன். 'ஒயிட் ஹால்' என்று எழுதி முடித்த பிறகுதான், லண்டனில் அரசு அலுவலகங்கள் வரிசையாக நிற்கும் தெருவின் பெயரே அதுதான் என்று உறைத்தது. அமெரிக்க அரசை விரட்டிவிட்டுப் பிரிட்டிஷ் அரசைக் குடிவைத்திருப்பேன்.

இது சிரிப்புக்குரிய விபத்துதான் என்றாலும், விடுகதை எப்படி வேலை செய்கிறது என்பதை இங்கேதான் கண்டுகொண்டேன். ஒவ்வொரு குறிப்பும் ஒரு சல்லடை. 'வெளியே நார்போல, உள்ளே கெட்டி' என்றதும் ஆயிரம் பொருள்களில் சில கொட்டைகள் மிஞ்சும். 'அதற்குள் வெள்ளை' என்றால் இன்னும் சில கழியும். 'அதற்குள் தண்ணீர்' என்றதும் ஒன்றே ஒன்று நிற்கும். அந்த ஒன்று மட்டுமே நிற்க வேண்டும், ஆனால் கடைசிச் சல்லடை வரை அது கண்ணில் படக் கூடாது. மொழி மாறும்போது சொற்கள் மாறுவதைவிட, சல்லடையில் என்ன மிஞ்சுகிறது என்பது மாறிவிடுகிறது. 'ஒயிட் ஹவுஸ்' என்ற சொல் தேங்காயைக் கீழே தள்ளிவிட்டு வேறொன்றைத் தங்கவைத்துவிட்டது.

ராபர்ட் பெட்ச் என்ற ஜெர்மானிய அறிஞர் 1899இல் நாட்டார் விடுகதைகளின் உறுப்புகளைப் பிரித்துக் காட்டினார். பொருளை வருணிக்கும் பகுதி ஒன்று, அதற்கு எதிராக நின்று 'இது எப்படி நடக்கும்?' என்று குழப்பும் தடைப் பகுதி இன்னொன்று. நம் விடுகதையில் தடை என்பது வீட்டுக்குள் வீடு, மாளிகைக்குள் குளம் என்ற நடக்காத காரியம். அந்தத் தடையை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகலாம், சிக்கல் இல்லை. நம் தொல்காப்பியரும் செய்யுளியலில் பிசி என்று விடுகதையைச் சொல்லி, அதை இரண்டாகப் பிரிக்கிறார். உவமையால் வருவது ஒன்று, தோன்றுவதை அப்படியே சொல்லித் துணியவைப்பது மற்றொன்று. தேங்காய் முதல் வகை. உவமை என்றால் இரு பக்கமும் தெரிந்தவருக்குத்தான் அது உவமை. என் மருமகளின் தோழிகளுக்குக் கூரை வீடும் தெரியும், தேங்காயும் தெரியும். ஆனால் இரண்டுமே வேறு முகத்தோடு தெரியும்.

அங்கே வைக்கோலோ நாணலோ வேய்ந்த வீடு ஏழையின் அடையாளம் இல்லை. காசுள்ளவர்கள் கிராமப்புறத்தில் தேடி வாங்கும் அழகுப் பொருள். ஓட்டு வீடு என்பது தெருவில் உள்ள எல்லா வீடும். ஆகவே கூரையிலிருந்து ஓட்டுக்கு ஏறுவது அங்கே ஏற்றமாகத் தெரியாது, பார்க்கப்போனால் இறக்கம். ஏணி உடைந்துவிட்டது.

தேங்காயோ அங்கே பல்பொருள் அங்காடியில் உரித்த நிலையில்தான் வருகிறது. பழுப்பு நிறத்தில், மேலே கொஞ்சம் நார் ஒட்டிக்கொண்டு. முழு மட்டையைப் பார்த்தே இராத பிள்ளைக்குக் கூரை எதைக் குறிக்கும்? முதல் குறிப்பே வீண் என்று முடிவுகட்டி, அதை நீக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போது மருமகளே காப்பாற்றினாள். "மாமா, தலைமுடி அடர்த்தியா கலைஞ்சு இருந்தா அதையும் இங்க தாட்ச்னுதான் சொல்வாங்க." உரித்த தேங்காயின் மேல் இருக்கும் அந்த நார்க் குடுமி அவர்களுக்குத் 'தாட்ச்'. எங்கள் ஊர்க் காதில் கூரையாக நுழைந்து மட்டையில் முடியும் சொல், அவள் ஊர்க் காதில் கூரையாக நுழைந்து முடியில் முடிகிறது. வழி வேறு, சேரும் இடம் ஒன்று. இதை நான் எந்த அகராதியிலும் தேடிக் கண்டுபிடித்திருக்க முடியாது.

அடுத்தது ஓடு. கூரையில் போடுவதற்கும் காயின் மேல் இருப்பதற்கும் பொதுவான ஒரு சொல் ஆங்கிலத்தில் எனக்கு அகப்படவில்லை. 'டைல்' என்றால் குளியலறைத் தரைக்குப் போய்விடுவார்கள். 'ஷெல்' என்றால் விடையைச் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். இல்லையென்றால், வெள்ளையும் தண்ணீரும் பின்னால் வருவதால் முட்டை என்பார்கள்.

முட்டைதான் உண்மையான எதிரி. ஆங்கிலப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் பழைய விடுகதைப் பாட்டு ஒன்று உண்டு. பளிங்குச் சுவர்கள், உள்ளே பட்டுப் போன்ற உறை, தெளிந்த ஊற்று, நடுவே பொன் ஆப்பிள், உள்ளே போகக் கதவில்லை, ஆனாலும் திருடன் நுழைந்து பொன்னை எடுத்துவிடுகிறான். விடை முட்டை. நம் வெள்ளை மாளிகையையும் குளத்தையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பிபோல இருக்கும். அந்தப் பாட்டு காதில் ஊறியவர்களிடம் வெள்ளைச் சுவர் என்றவுடன் முட்டை எழுந்து நின்றுவிடும். முட்டைக்கு அங்கே வேறு செல்வாக்கும் உண்டு. ஹம்ப்டி டம்ப்டி பாட்டும் தொடக்கத்தில் முட்டையை விடையாகக் கொண்ட விடுகதைதான். புத்தகங்களில் முட்டைக்குக் கையும் காலும் வரைந்து வரைந்து, அது விடுகதை என்பதே மறந்துபோயிற்று.

ஆகவே இரண்டாம் வரியில் முட்டையை வெளியேற்றும் ஏதாவது வேண்டும். சிரட்டையை உற்றுப் பார்த்தேன். அது மரம். தச்சன் கையில் கொடுத்தால் இழைத்து அகப்பை செய்து தருவான். ஓட்டு வீட்டை மர வீடாக்கினால் என்ன? 'ஹவுஸ் ஆஃப் வுட்.' சிலேடை போய்விட்டது, ஆனால் முட்டையும் போய்விட்டது. அதோடு எதிர்பாராத ஒரு லாபம். வைக்கோல் வீடு, குச்சி வீடு, செங்கல் வீடு என்று மூன்று பன்றிக்குட்டிகள் கட்டிய கதை அந்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். கூரைக்கு அடுத்து மரம் என்றதும், ஒவ்வொன்றாக உறுதி கூடிக்கொண்டே போகும் வீடுகள் என்ற வரிசை அவர்கள் மனத்தில் தானே எழுந்துவிடும். நம்முடைய வசதி ஏணி இடிந்த இடத்தில் அவர்களுடைய உறுதி ஏணி ஒன்று நின்றது. உள்ளே ஓநாய் இருக்கும் என்று யாராவது நினைத்தால் நினைக்கட்டும். விடுகதை கொஞ்சம் வழிதவறவும் வைக்க வேண்டுமே.

வினைச்சொல்லிலும் ஒரு பொறி இருந்தது. மரத்தை உடைப்பதற்கு 'கிராக்' என்று போட்டிருந்தேன். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு நெருங்கிய உறவினர் இருவர், கொட்டையும் முட்டையும். ஒருவர் விடையை உளறிவிடுவார், மற்றவர் எதிரி. 'பிரேக்' என்று மாற்றினேன். மாளிகை வெறும் வெள்ளைச் சுவராயிற்று. அரசாங்கங்கள் இரண்டும் ஒழிந்தன.

இந்த நிலையில் சோதித்தபோது ஒரு பெண் தேங்காய் என்றாள், இன்னொருத்தி அப்போதும் முட்டை என்றாளாம். கூட்டுக்குள் கிடக்கும் முட்டையாம். கூரை என்பது கூட்டின் வைக்கோல், மரம் என்பது சுள்ளி. சொல்லப்போனால் அவள் விடையும் பொருந்துகிறது, நான் அவளைக் குறை சொல்ல முடியாது. விடுகதையில் வேறு விடை பொருந்தினால் தப்பு கேட்டவர் மேல் இல்லை.

இன்னும் ஒரு சல்லடை தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை நானே இட்டுக்கட்டினால் அது எங்கள் ஊர் விடுகதை ஆகாது. தேங்காய் பற்றியே நம்மிடம் வேறு விடுகதைகள் இருக்கின்றனவே என்று நினைவு வந்தது. ஒன்று மூன்று கண்ணைச் சொல்வது. ஆங்கிலக்காரர்களுக்கும் அந்தக் கண்கள் தெரியும். 'கோகோ' என்ற பெயரே, கண்ணும் வாயுமாகத் தெரியும் அந்த மூன்று குழிகளைப் பார்த்து, இளிக்கும் முகம் என்ற பொருளில் போர்த்துக்கீசியர் வைத்ததுதான். ஆனால் வீட்டுக்கு முகம் வைத்தால் உவமை கலைந்துவிடும். ஜன்னல் ஆக்கலாம், அது இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. இன்னொன்று, அந்தரத்தில் தொங்குது சொம்பும் தண்ணியும். இதில் தண்ணீர் தரையில் இல்லை என்பதுதான் புதிர். அதை எடுத்து நம் குளத்தின் மேல் வைத்தேன். தரையைத் தொட்டதே இல்லாத குளம். தேங்காய் காம்பறுந்து விழுந்த பிறகும் இது பொய்யாகாது. சிரட்டை நடுவில் நிற்கும்வரை தண்ணீர் மண்ணைத் தொடுவதில்லை.

ஒரு விடுகதையின் இழப்பை அதன் உடன்பிறந்த விடுகதையிலிருந்து ஈடுகட்டுவதில் எனக்குக் கூச்சமில்லை. பாட்டிகள் இப்படித்தான் வரிகளை இங்கிருந்து அங்கே மாற்றிப் போட்டுச் சொல்லிவந்தார்கள். கடைசியில் அவள் வகுப்புக்கு எடுத்துப்போனது இது:

புல் ஆஃப் தி தாட்ச், அ ஹவுஸ் ஆஃப் வுட்;
பிரேக் தி வுட், ஒயிட் வால்ஸ் ஆல் ரவுண்ட்;
இன்சைட் தி வால்ஸ், அ லிட்டில் பாண்ட்
தட் நெவர் யெட் ஹேஸ் டச்டு கிரவுண்ட்.

கூரையைப் பிடுங்கினால் மர வீடு, மரத்தை உடைத்தால் சுற்றிலும் வெள்ளைச் சுவர், சுவருக்குள் சின்னக் குளம், இதுவரை தரையைத் தொட்டதில்லை. 'வுட்' என்று முடித்து 'வுட்' என்றே எடுப்பது, 'வால்ஸ்' என்று சொல்லி 'வால்ஸ்' என்றே தொடர்வது ஆகியவை நம் அந்தாதிக்காக. 'ரவுண்ட், கிரவுண்ட்' என்ற இயைபு அவர்கள் காதுக்காக. எதுகை மோனை இல்லாமல் சொன்னால் நமக்கு எப்படி அது வெறும் கேள்வியாகத் தோன்றுமோ, கடைசி ஓசை இயையாமல் சொன்னால் அவர்களுக்கும் அப்படித்தான்.

எல்லா விடுகதைக்கும் இத்தனை பாடு தேவையில்லை. தண்ணீரில் பிறந்து தண்ணீரிலேயே சாகும் உப்பை எந்த மொழியில் சொன்னாலும் கண்டுபிடித்துவிடுவார்கள், உப்பு எங்கும் கரைகிறது. அங்கேகூட ஒரு சின்னத் தடுமாற்றம் உண்டு. 'பிறப்பான், சாவான்' என்று வினையின் விகுதியிலேயே ஒரு ஆளை நாம் ஒளித்துவைக்கிறோம். ஆங்கிலத்தில் 'இட்' என்று போட்டால் ஆள் இல்லை என்பது தெரிந்துவிடும். அதனால் 'நான்' என்று உப்பையே பேசவைப்பது நல்லது. பொருளே தன் கதையைச் சொல்லி 'நான் யார்?' என்று கேட்பது ஆங்கிலத்தில் மிகப் பழைய வழக்கம். எக்ஸிட்டர் பேராலயத்தில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டுச் சுவடியில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட பழைய ஆங்கில விடுகதைகள் உள்ளன, அவற்றில் பல இப்படித்தான் பேசுகின்றன. அந்தச் சுவடியில் விடைகள் எழுதப்படவில்லை. சிலவற்றுக்கு விடை என்ன என்று அறிஞர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். ஆயிரம் வருடத்தில் வீட்டுப் பொருள்கள் மாறிப்போனால், சொந்த மொழிக்காரர்களே வெளியூர்க்காரர்களாகிவிடுகிறார்கள்.

மறுபக்கம், சிரிப்பையும் உப்பையும் பூ வரிசையில் நிறுத்தி 'அது என்ன பூ?' என்று கேட்கும் விடுகதைகளை நான் தொடவே மாட்டேன். அங்கே பொருளில் ஒன்றும் இல்லை, எல்லாம் கடைசி எழுத்தின் ஓசையில் இருக்கிறது. அதை மொழிபெயர்ப்பதென்றால் வேறு விடுகதை செய்வதுதான்.

வகுப்பில் நான்காவதாகக் கை தூக்கிய பையன் தேங்காய் என்று சொல்லிவிட்டான். முதல் மூன்றில் ஒன்று வழக்கம்போல் முட்டை. ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பத்துப் பையனாம் அவன். அவனுக்குத் 'தாட்ச்' தலைமுடியாகத் தோன்றவே இல்லை, தாத்தா தோட்டத்தில் உரிக்கும் மட்டைதான் நினைவுக்கு வந்ததாகச் சொன்னானாம். அதே ஆங்கிலம், பக்கத்து நாற்காலி, வேறு வழி. ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கிறேன் என்று சொன்னபோது எந்த ஆங்கிலக் காதுக்கு என்று நான் என்னையே கேட்டிருக்க வேண்டும்.

மார்க் கிடைத்த மகிழ்ச்சியில் மருமகள் அன்றிரவே அம்மாச்சியைக் கூப்பிட்டாள். ஆங்கிலத்தில் செய்ததைத் தன் தமிழில் திருப்பி ஒவ்வொரு வரியாகச் சொல்லி, "கண்டுபிடிங்க அம்மாச்சி" என்றாள். என் அம்மா குளம் வரும் வரைகூடக் காத்திருக்கவில்லை. "தேங்காதானடி" என்று இரண்டாம் வரியிலேயே சொல்லிவிட்டு, ஒரு நொடி யோசித்துக் கேட்டாள்: "அது சரி, நடுவுல இருந்த ஓட்டு வீட்டை யாருடி இடிச்சது?"